கீழே இறங்க இறங்கப் பெட்டி ஏன் நீளமாகிறது?

நெட்வொர்க் பாடத்தில் எல்லாரும் பார்க்கிற படம்தான் இது. மேலே சின்னதாக ஒரு பெட்டி, கீழே வர வர இடப்பக்கம் ஒவ்வொரு துண்டாக ஒட்டிக்கொண்டு நீளும்.

```
                     [ டேட்டா ]
             [ டிசிபி | டேட்டா ]
       [ ஐபி | டிசிபி | டேட்டா ]
[ ஈதர்நெட் | ஐபி | டிசிபி | டேட்டா | எஃப்சிஎஸ் ]
```

இதை நாலு வெவ்வேறு பொருளாகப் பார்த்தால் குழப்பம்தான் வரும். இருப்பது ஒரே டேட்டா, அது கணினிக்குள் ஒவ்வொரு அடுக்கையும் தாண்டும்போது எப்படி இருக்கிறது என்பதை நாலு முறை வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புத்தகத்தில் ஏழு அடுக்கு இருந்தாலும் பயப்பட வேண்டாம், முன்னால் ஒட்டும் இந்தத் துண்டுகள், அதாவது ஹெட்டர்கள், சேரும் கதையைப் புரிந்துகொள்ள இந்த நாலு வரி போதும்.

சரி, நிஜமான ஒரு கோரிக்கையையே கீழே இறக்கிப் பார்ப்போம். பிரவுசர் கேட்பது சுருக்கமாக இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
GET / HTTP/1.1
Host: example.com

```

கடைசியில் உள்ள காலி வரியையும், ஒவ்வொரு வரி முடிவிலும் வரும் இரண்டு பைட்டையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் 37 பைட். இது டிசிபியிடம் போகிறது. உள்ளே GET இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று டிசிபி பார்ப்பதே இல்லை, அதற்கு இது 37 பைட் சரக்கு. அதன் முன்னால் 20 பைட் ஹெட்டரை வைக்கிறது: எந்த போர்ட்டிலிருந்து எந்த போர்ட்டுக்கு, வரிசை எண் என்ன, எதுவரை வந்து சேர்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது 57. ஐபிக்கு இந்த 57 பைட்டும் சேர்ந்துதான் சரக்கு; டிசிபி ஹெட்டர் எது, டேட்டா எது என்று பிரித்துப் பார்ப்பது அதன் வேலை இல்லை. தன் பங்குக்கு இன்னொரு 20 பைட் வைக்கிறது, அனுப்புபவர், பெறுபவர் இருவரின் ஐபி முகவரியோடு. 77 ஆச்சு. ஈதர்நெட் முன்னால், நெட்வொர்க் கார்டுகளின் மேக் முகவரிகள் இருக்கும் 14 பைட்டும், பின்னால் பிழை கண்டுபிடிக்க எஃப்சிஎஸ் என்ற 4 பைட்டும் சேர்க்கிறது. படத்தில் அந்த ஒரு வரியில் மட்டும் வலப்பக்கமும் ஒரு துண்டு இருப்பது இதனால்தான். மொத்தம் 95 பைட், அதில் நாம் கேட்டது 37 மட்டுமே!

படத்தில் தெரியாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஹெட்டரும் தனக்குள் இருப்பது யாருக்கு என்று ஒரு எண்ணில் சொல்லிவிடுகிறது. ஈதர்நெட் ஹெட்டரில் `0x0800` என்றிருந்தால் உள்ளே ஐபி பதிப்பு 4. `0x86DD` என்றால் பதிப்பு 6. ஐபி ஹெட்டரில் 6 என்றால் டிசிபி, 17 என்றால் யூடிபி. டிசிபி ஹெட்டரில் சேரும் போர்ட் 80 என்றால், அந்த போர்ட்டில் காத்திருக்கும் வெப் சர்வருக்கு. இந்த எண்கள் இருப்பதால்தான் அந்தப் பக்கம் இருக்கும் கணினியால் பைட்களை ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி மேலே ஏற்ற முடிகிறது. ஈதர்நெட் கழன்றால் ஐபி, ஐபி கழன்றால் டிசிபி, கடைசியில் அதே 37 பைட்.

அப்புறம், நடுவில் இருக்கும் ரவுட்டர். படத்தில் இரண்டு கணினி மட்டும்தான் இருக்கும், அதனால் ஹெட்டர் எல்லாம் கடைசிவரை அப்படியே போகும் என்று தோன்றும். அப்படி இல்லை. ரவுட்டர் வந்த ஈதர்நெட் ஹெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐபி ஹெட்டரில் சேருமிடம் பார்த்து, இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்று சொல்லும் டிடிஎல் எண்ணில் ஒன்றைக் குறைத்து, அடுத்த இணைப்புக்குப் புது ஹெட்டர் போட்டு அனுப்புகிறது. அதனால் மேக் முகவரி ஒவ்வொரு தாவலிலும் மாறும், சேருமிடத்தின் ஐபி முகவரி பொதுவாக மாறாது. இரண்டு வகை முகவரி எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில்: ஒன்று அடுத்த தாவலுக்கு, இன்னொன்று முழுப் பயணத்துக்கு.

நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஈதர்நெட் வழக்கமாகத் தனக்குள் 1500 பைட் வரைதான் ஏற்கும், அதில் ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 போனால் டேட்டாவுக்கு 1460. அதைவிடப் பெரிதாக இருந்தால் டிசிபி துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக இதே ஹெட்டர் வரிசையைப் போட வைக்கும்.

நெட்வொர்க்கில் போகும் பைட்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் இருந்தால் `tcp.port == 80` என்று வடிகட்டி வைத்துக்கொண்டு, டெர்மினலில் `curl http://example.com` என்று ஓட்டி, GET என்று தெரியும் வரியைச் சொடுக்கிப் பாருங்கள். நிஜ கோரிக்கையில் இன்னும் சில வரிகள் இருக்கும், டிசிபி ஹெட்டரும் கூடுதல் விருப்பங்களோடு 32 பைட்டாக இருக்கலாம், கடைசி 4 பைட் பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால் மேலிருந்து கீழாக ஈதர்நெட், ஐபி, டிசிபி, எச்டிடிபி என்று, நம் படத்தின் கடைசி வரியை இடமிருந்து வலமாக வாசிக்கும் அதே வரிசையில் எல்லாம் நிற்கும்.