பயன்படுத்திய ஊசிகளையும் காலாவதியான மருந்துகளையும் வீட்டிலிருந்து பாதுகாப்பாக அகற்றும் முறை

செட்டிநாட்டுப் பகுதி நீரிழிவு நோயாளர் குடும்பங்களுக்கான துண்டறிக்கை

நாள்தோறும் இருவேளை இன்சுலின் போட்டுக்கொண்டு, ஒருமுறை விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவும் பார்ப்பவரிடமிருந்து மாதத்திற்கு ஏறத்தாழ 90 கூர்முனைகள் கழிவாகச் சேர்கின்றன. மருத்துவமனையில் இதே ஊசி, துளைபடாத வெண்ணிறக் கொள்கலனுக்குள் விழுகிறது. வீட்டிலோ பெரும்பாலும் பால் கவரில் சுருட்டப்பட்டு, காய்கறித் தோலோடும் தேயிலைச் சக்கையோடும் குப்பை வண்டிக்குப் போகிறது.

சென்ற பங்குனியில் எங்கள் பிரிவுக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர், தம் உள்ளங்கையில் கடுகளவு சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். குப்பையைத் தரம் பிரிக்கும்போது, பால் கவருக்குள் இருந்த 4 மில்லிமீட்டர் பேனா ஊசி அவருடைய கையுறையைத் துளைத்துவிட்டது. அந்த ஊசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது தெரியாததால், அவர் பல மாதங்கள் இரத்தப் பரிசோதனைக்கு வந்துபோக நேர்ந்தது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. "எங்களுக்குச் சர்க்கரையைத் தவிர வேறு நோய் இல்லையே" என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருந்தாலும், குத்துப்பட்டவருக்கு அதை அறிய வழியில்லை.

ஊசிகளுக்கான கொள்கலன்

இதற்கெனத் தனியாக எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஃபினாயில், சலவைத் திரவம், கழிவறை சுத்தம் செய்யும் திரவம் ஆகியவை வரும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடி இறுக்கமாக இருந்தால் போதுமானது. தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஊசி அதைத் துளைத்துவிடும். ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணாடியாக இருந்தால் கீழே விழுந்து உடையும். நம் வீடுகளில் மருந்துகளை ஓலைக் கொட்டானில் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. மாத்திரை அட்டைகளை அதில் வைப்பதில் தவறில்லை, ஆனால் பயன்படுத்திய ஊசியை ஒருபோதும் கொட்டானில் போடாதீர்கள்; ஓலைப் பின்னலின் இடுக்கு வழியே நுனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, கையை விட்டுத் துழாவும் வரை கண்ணுக்குத் தெரியாது.

பாட்டிலின் மேல் "பயன்படுத்திய ஊசிகள், திறக்காதீர்கள்" என்று அழியாத மையால் பெரிதாக எழுதி, ஊசி போட்டுக்கொள்ளும் இடத்திற்கு அருகிலேயே, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இன்சுலினை முகப்புப் பத்தியில் போட்டுக்கொண்டு, பாட்டிலை இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படியில் வைத்தால், வழியில் எங்கேனும் ஒரு மாடக்குழியில் ஊசி தங்கிவிடும். பெரிய வீடுகளில் இது அடிக்கடி நடப்பதைப் பார்த்திருக்கிறோம்.

சிரிஞ்சையும் லான்செட்டையும் பயன்படுத்தியவுடன், மூடியை மீண்டும் மாட்டாமல் நேராகப் பாட்டிலுக்குள் போடுங்கள். கையால் வளைக்கவோ ஒடிக்கவோ கூடாது. பேனா ஊசியைக் கழற்ற மட்டும் அதன் பெரிய வெளிமூடி தேவைப்படும். அப்போது மூடியை மேசைமேல் வைத்து, மற்றொரு கையால் அதைப் பிடிக்காமல், பேனாவை ஒரே கையால் அதனுள் செலுத்தி அழுத்தித் திருகிக் கழற்றுங்கள். அடுத்த வேளை வரை ஊசியைப் பேனாவிலேயே விட்டு வைத்தால் மருந்து கசிவதோடு காற்றுக் குமிழும் உள்ளே புகுந்து அளவு மாறும் என்பதால், உடனுக்குடன் கழற்றுவது நோயாளருக்கும் நன்மையே.

பாட்டில் முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, அதைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். அமுக்கி அமுக்கி நிறைக்க முயல வேண்டாம். ஊசிகளை வேறு பாட்டிலுக்கு மாற்றவும் வேண்டாம்.

எரிக்கவும் புதைக்கவும் கூடாது

கொல்லையில் குப்பையோடு ஊசியை எரித்தால் பிளாஸ்டிக் நச்சுப் புகையாகும், எஃகு முனை சாம்பலில் அப்படியே கிடக்கும். அந்தச் சாம்பலை அள்ளி வாழைக்கு இடுகிறவர் வெறுங்கையோடுதான் அள்ளுவார். புதைத்தாலும், ஐப்பசி மழையில் மண் கரைந்து ஊசி மேலே வந்துவிடும்.

காலாவதியான மருந்துகள்

கடையில் மாத்திரை அட்டையை வெட்டித் தரும்போது, காலாவதி மாதம் அச்சிட்ட முனை பல நேரம் மறுபாதியோடு போய்விடுகிறது. அந்த முனை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டிலும் மாத்திரைகளை எதிர் முனையிலிருந்து எடுத்து வாருங்கள். அட்டையில் மார்ச் 2027 என்றிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம். இன்சுலினுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. திறந்த குப்பியும் கார்ட்ரிட்ஜும் பொதுவாக 28 நாள்தான் பயன்படும், சில வகைகளுக்கு இக்காலம் மாறும். ஆகவே உறைக்குள் உள்ள தாளைப் பார்த்து, திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதி வையுங்கள். கத்திரி வெயிலில் காருக்குள் விட்டுவிட்ட இன்சுலின், தேதி மீதமிருந்தாலும் கழிவில் சேர வேண்டியதே.

மருத்துவர் மாத்திரையை மாற்றும்போதும், மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டிற்கே மருந்து வரும்போதும், பழையவை பெட்டகத்தில் மிஞ்சுகின்றன. இவற்றில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றின் மீது கூடுதல் கவனம் தேவை. மிட்டாய்போல் வண்ணத்தில் வரும் ஒரே ஒரு மாத்திரையை விடுமுறைக்கு வந்த பேரக்குழந்தை விழுங்கினாலும், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால், மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மிஞ்சியதைக் கழிவறையிலோ அங்கணத்திலோ கொட்டாதீர்கள். மெட்ஃபார்மின் போன்ற மருந்துகள் நீரில் எளிதில் கரைபவை. மழை நீரை வரத்துக்கால் வழியே ஊருணிக்குக் கொண்டு சேர்த்துக் குடித்து வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. அதே வழியில் மருந்தும் போய்ச் சேரும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தவறான கைக்குப் போனால் உயிருக்கே ஆபத்தான 17 மருந்துகளை மட்டும் கழிவறையில் ஊற்றச் சொல்லியிருக்கிறது; நீரிழிவு மருந்து எதுவும் அதில் இல்லை.

திரும்பப் பெறும் இடத்தில் ஒப்படைப்பதே சிறந்த வழி. அதற்கு வாய்ப்பே இல்லாதபோது, மாத்திரைகளைப் பொடியாக்காமல் உறையிலிருந்து பிதுக்கி எடுத்து, டிகாஷன் இறக்கிய காப்பித்தூள் சக்கையோடோ மண்ணோடோ கலந்து, கெட்டியான கவரில் கட்டி, அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் காலாவதியான மருந்தையும் ஊசியையும் வீட்டு அபாயக் கழிவாகவே வகைப்படுத்தின. காலமான பெரியவர்களின் மருந்தை வீணாக்க மனமின்றி அடுத்த வீட்டாருக்குக் கொடுப்போரின் நல்லெண்ணம் எங்களுக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த அளவு அவருக்கென்று எழுதியது. பிறருக்குக் கொடுக்க வேண்டாம்.

எங்கே ஒப்படைப்பது

மூடி ஒட்டிய பாட்டில்களையும் காலாவதியான மருந்துகளையும், இத்துண்டறிக்கையை உங்களுக்கு வழங்கிய அதே மேடையில், புதன்கிழமைதோறும் காலை 9 மணி முதல் 12 மணி வரை பெற்றுக்கொள்கிறோம். கட்டணம் இல்லை, நோயாளர் நேரில் வர வேண்டியதும் இல்லை. ஊசியையும் மாத்திரையையும் ஒரே பாட்டிலில் போடாமல் தனித்தனியாகக் கொண்டுவாருங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்தவர்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு அங்கு கொடுக்கலாம். குழந்தைகளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.

ஊசி குத்திவிட்டால்

பிறர் பயன்படுத்திய ஊசி குத்தினால், ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இரத்தத்தைப் பிதுக்க வேண்டாம். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை இயன்றால் 2 மணி நேரத்திற்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேவையா என்பதையும் மருத்துவர் அப்போதே முடிவு செய்வார். குத்திய ஊசி எந்த வீட்டுடையது என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.