எல்லை விலை, இலக்கு விலை, சிறந்த மாற்று: தேர்வுக்கு முன் ஒரு திருப்புதல்

பேச்சுவார்த்தைத் தாளில் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழப்பது இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான். "அவருடைய சிறந்த மாற்று 19 ரூபாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த நான்கு வரியில் கணக்கு சரியாக இருந்தும், முதல் வரியிலேயே கருத்து தவறிவிட்டது. சிறந்த மாற்று என்பது விலை கிடையாது, ஒரு செயல். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் தானாகப் பிரியும்.

சிறந்த மாற்று (பாட்னா). இந்தப் பேச்சு முறிந்தால் எழுந்துபோய் என்ன செய்வேன்? அதற்கான பதில்களில் எனக்கு அதிகம் தருவது எதுவோ அதுதான். ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தினார்கள். விடையில் வினைச்சொல்லோடு எழுதுங்கள்: "சந்தைக்கு ஏற்றி அனுப்புவது", "பழைய வேலையிலேயே தொடர்வது".

எல்லை விலை (ரிசர்வேஷன் பிரைஸ்). விற்கும்போது இதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும், வாங்கும்போது ஒரு ரூபாய் கூடினாலும் எழுந்துவிடுவேன் என்ற எண். விற்பவருக்குக் குறைந்தபட்சம், வாங்குபவருக்கு அதிகபட்சம். இது மாற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. மாற்றுக்கு ஆகும் செலவு, காத்திருப்பு, சிரமம் எல்லாவற்றையும் விற்பவர் கழித்த பிறகே, வாங்குபவர் கூட்டிய பிறகே கிடைக்கும்.

இலக்கு விலை (டார்கெட்). நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நல்ல விலை. பக்கத்தில் என்ன விலைக்குப் போனது, சரக்கின் தரம் என்ன, எதிராளிக்கு எவ்வளவு தேவை என்பவற்றிலிருந்து வருகிறது. நம் மாற்றிலிருந்து வருவதில்லை. முதலில் வாய்விட்டுச் சொல்லும் விலை இதையும் தாண்டி இருக்கலாம். அது வேறொரு எண், அதை இலக்கு என்று எழுதாதீர்கள்.

மாதிரிக் கேள்வி (10 மதிப்பெண்)

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்கார அம்மாவிடம் பறித்துக் குவித்த 10,000 தேங்காய் இருக்கிறது. வியாபாரி தோப்புக்கே வந்து, உரிப்பும் வண்டியும் தன் பொறுப்பு, பணம் உடனே கையில் என்கிறார். ஊர் மண்டிக்குக் கொண்டுபோய் இறக்கினால் உரித்த காய்க்கு 21 ரூபாய். ஆனால் உரிப்புக்கூலி காய்க்கு 1 ரூபாய், வண்டி வாடகை 6,000, ஏற்று இறக்குக்கூலி 2,000, பணம் வர ஒரு மாதம். அதுவரை 2 லட்சம் ரூபாயை ஒரு வட்டிக்குக் கைமாற்று வாங்கவேண்டும். கொப்பரை போட்டால் எல்லாச் செலவும் காத்திருப்பும் கழித்து மொத்தம் 1,78,000 நிற்கும். போன வாரம் பக்கத்துத் தோப்பில் இதே ரகக் காய் தோப்பிலேயே 22-க்குப் போயிருக்கிறது. வியாபாரிக்கு வேறொரு தோப்பில் 20.20-க்கு 10,000 காய் கிடைக்கும், அங்கே போய்வர வண்டிச் செலவு 8,000 கூடுதல். மூன்றையும் பிரித்துக் காட்டி, ஒப்பந்தம் சாத்தியமா என்று விளக்குக.

மாதிரி விடை

தோப்புக்காரரின் மாற்றுகள் இரண்டு. மண்டிக்கு அனுப்பினால் வரவு 2,10,000. இதில் உரிப்பு 10,000, வண்டி 6,000, கூலி 2,000, வட்டி 2,000 ஆக 20,000 போனால் மிச்சம் 1,90,000. கொப்பரை போட்டால் 1,78,000. ஆகவே சிறந்த மாற்று மண்டிக்கு அனுப்புவது.

எல்லை விலை: 1,90,000 ÷ 10,000 = காய்க்கு 19 ரூபாய். வியாபாரி தோப்பில் உடனே தரும் 19 ரூபாயும் மண்டியில் ஒரு மாதம் கழித்து வரும் 21 ரூபாயும் அவருக்குச் சமம்.

இலக்கு விலை: 22 ரூபாய். அடிப்படை, பக்கத்துத் தோப்பு விற்பனை.

வியாபாரியின் சிறந்த மாற்று அடுத்த தோப்பில் வாங்குவது. அவர் எல்லை விலை 20.20 + 0.80 = 21 ரூபாய்.

விற்பவர் எல்லை 19, வாங்குபவர் எல்லை 21. எனவே 19 முதல் 21 வரை ஒப்பந்தப் பரப்பு இருக்கிறது. அகலம் காய்க்கு 2 ரூபாய், மொத்தத்தில் 20,000. இலக்கான 22 இந்தப் பரப்புக்கு வெளியே இருப்பதால் அது கிடைக்காது, ஆனால் ஒப்பந்தம் நடக்கும். 20.40-க்கு முடிந்தால் தோப்புக்காரருக்கு எல்லைக்கு மேல் 14,000, வியாபாரிக்கு 6,000 ஆதாயம்.

விடை அவ்வளவுதான். கடைசி வரியில் சேர்த்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்: 14,000 + 6,000 = 20,000. பரப்பின் அகலத்தோடு பொருந்தாவிட்டால் எங்கோ கழித்தல் தவறியிருக்கிறது.

20.40-க்கு விற்றதை "1.60 நட்டம்" என்று எழுதுபவர்கள் நிறைய. இலக்குக்குக் கீழே விற்பது நட்டம் இல்லை. எல்லைக்குக் கீழே விற்பதுதான் நட்டம். 18.50-க்கு விற்றிருந்தால் பேசாமல் மண்டிக்கு ஏற்றியிருக்கலாம் என்று பொருள்.

கேள்வியின் இரண்டாம் பகுதியாக வருவது

பெரும்பாலும் இரண்டு திருப்பம் கொடுப்பார்கள்.

ஒன்று, வியாபாரியின் பேச்சு. "ஏனுங்கக்கா, மார்க்கெட்டே விழுந்து கிடக்குதுங்க, 18-க்கு முடிச்சுக்கலாமுங்க" என்கிறார். எல்லை விலை மாறுமா? அந்த அம்மா மண்டிக்குப் போன் போட்டுக் கேட்கிறார், அங்கே இன்னும் 21-தான். மாற்று மாறவில்லை, எல்லை 19-லேயே நிற்கிறது. எதிராளி சொல்வதால் எல்லை விலை அசையாது. நம் மாற்று அசைந்தால்தான் அசையும்.

இரண்டு, அதே போனில் மண்டி விலை 19.50 ஆகிவிட்டது என்று பதில் வருகிறது. இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 1,95,000-இல் 20,000 போக 1,75,000, ஆகவே எல்லை 17.50 என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கொப்பரையில் 1,78,000 நிற்கிறதே! இப்போது சிறந்த மாற்று கொப்பரை போடுவதாக மாறிவிட்டது, எல்லை 17.80. மாற்றுகளின் பட்டியலை ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபடி ஒப்பிடவேண்டும். இரண்டின் சராசரியையும் எடுக்கக்கூடாது, ஒரே குவியலை இரண்டு இடத்துக்கும் முழுதாக அனுப்ப முடியாது. இலக்கைப் பொறுத்தவரை, பக்கத்துத் தோப்பு விலை போன வாரத்தது. மண்டி விழுந்த பிறகு 22-ஐ அப்படியே வைத்திருப்பது சரியா என்று ஒரு வரி எழுதினால் கூடுதலாக ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

மாற்று உறுதியில்லாமல் இருந்தால் மட்டும் வாய்ப்பால் பெருக்குங்கள். மண்டியில் 21 கிடைக்கப் பாதி வாய்ப்பு, 19.50 கிடைக்கப் பாதி வாய்ப்பு என்றால் நிகர மதிப்பு 19-க்கும் 17.50-க்கும் நடுவே 18.25. கொப்பரையின் 17.80-ஐவிட அதிகம், அதனால் மண்டியே சிறந்த மாற்று, எல்லை 18.25.

நீங்களே போட்டுப் பாருங்கள். மண்டி விலை 21-தான். ஆனால் வியாபாரிக்கு அடுத்த தோப்புக் காய் 17.70-க்குக் கிடைக்கிறது, வண்டிச் செலவு அதே 8,000. அவர் எல்லை 18.50 ஆகிறது. விற்பவர் எல்லை 19. பரப்பு இல்லை, இருவரும் எழுந்துபோவதே சரியான முடிவு. "ஒப்பந்தம் தோல்வி" என்று எழுதாமல், "இருவருக்கும் மாற்றே மேல்" என்று எழுதுங்கள்.