பாட்டாவுக்கு எண்பது: பந்தலில் மைக் பிடிக்கிறவர் சொல்ல வேண்டியது

(குலசேகரம் பக்கத்தில் வீட்டு முற்றம், ஞாயிறு காலை பத்தரை. டிராலி ஸ்பீக்கர் பலாமரத்தடியில், வாசலைப் பார்த்து இருக்கட்டும். மைக்கோடு அதன் முன்னால் போனால் கீச்சென்று கத்தும், போக வேண்டாம். பாட்டாவுக்கு வலது காதுதான் கேட்கும். அவருடைய வலப்பக்கம் நின்று பேச வேண்டும்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கிறதா? அடுக்களைப் பக்கம் இருக்கிற பெரியம்மை, கை தூக்குங்கள். சரி, கேட்கிறது.

நான் இந்த வீட்டின் மூத்த மகளுடைய இளைய மகன். இன்று நம் பாட்டாவுக்கு எண்பது வயது நிறைகிறது. களியக்காவிளையிலிருந்தும் தக்கலையிலிருந்தும் விடியும் முன்பே கிளம்பி வந்தவர்கள், தோவாளையிலிருந்து மாலையை வாடாமல் வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்த அத்தை, பாறசாலைச் சித்தப்பா குடும்பம், எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டீர்கள். வந்ததற்கு மிகவும் சந்தோஷம். நாற்காலி காலியாக இருக்கிறது, நிற்க வேண்டாம், முன்னால் வந்து உட்காருங்கள்.

ஒரு சின்ன அறிவிப்பு. வெள்ளை வேன் ஒன்று பக்கத்து வீட்டுக்காரரின் பாதையை அடைத்து நிற்கிறது. அவர்களுக்கு ரப்பர் ஷீட் ஏற்ற வண்டி வருகிறதாம். வேன்காரர் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள்.

(பாட்டாவும் பாட்டியும் வாசலுக்கு வந்ததும்)

பாட்டாவும் பாட்டியும் வருகிறார்கள். மக்களே, வழி விடுங்கள். பாட்டா, படி இருக்கிறது, பார்த்து. மைனி, பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாட்டி குத்துவிளக்கை ஏற்றுவார்கள். முதல் திரி பாட்டி, அடுத்தது பெரிய மாமி. பெரிய மாமா இன்று நம்மோடு இல்லை. அவர் உட்காரும் மர நாற்காலி முன்வரிசையில் இருக்கிறது; அதில் யாரும் உட்கார வேண்டாம் என்று பாட்டா நேற்றே சொல்லிவிட்டார்.

(விளக்கு எரிந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். அப்புறம் மேசையிலிருந்து கத்தியை எடுத்துக் காட்ட வேண்டும்.)

என் கையில் இருப்பது பாட்டாவின் பால்வெட்டுக் கத்தி. பிடியைப் பாருங்கள். பெருவிரல் அழுத்திய இடத்தில் மரம் குழிந்து, வழுவழுப்பாகி இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அது பாட்டாவின் விரலுக்கு மட்டும்தான் சேரும்.

பாட்டா 1946-இல் பிறந்தவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவருக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் படித்ததால் இன்றும் எதை எண்ணினாலும் ஒந்நு, ரெண்டு, மூந்நு என்றுதான் எண்ணுவார். எங்களைத் திட்டுவது மட்டும் தமிழில்.

ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலைக் குளிரில்தான். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் ஊர் தூங்கும்போதே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாட்டா கிளம்பிவிடுவார். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். ஒவ்வொன்றிலும் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்ளே தடியில் பட்டால் மரம் காயப்பட்டுப் போகும். வெட்டி முடித்து, சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் ஷீட்டாக அடித்து முடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்கும். சிரட்டையின் அடியிலும் வெட்டுக்காயத்திலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பாட்டி உரித்துச் சாக்கில் சேர்ப்பார்கள். அந்த ஒட்டுப்பால் காசைப் பாட்டி யாருக்கும் கொடுத்ததில்லை. என் அம்மாவின் நர்சிங் படிப்புக்கு முதல் வருடக் கட்டணம் அதில்தான் கட்டினார்கள். அம்மா இதோ அழுகிறார்கள். அம்மா, நான் சொல்லத்தான் செய்வேன்.

மழை பெய்தால் வெட்டு கிடையாது, அன்று கூலியும் கிடையாது. ஆனிச் சாரலில் வாரக்கணக்கில் பாட்டா இந்தத் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை என் மாமாக்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுத் துவையலும்தான் மூன்று வேளையும். இன்று பந்தியில் முதல் வரிசையில் அந்தக் கிழங்கும் வைக்க வேண்டும் என்று கேட்டது பாட்டாதான்.

பாட்டா, நீங்கள் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. காலையில் நாங்கள் எழும்பும்போது நீங்கள் தோட்டத்தில் இருப்பீர்கள், ராத்திரி நாங்கள் படிக்கும்போது தூங்கிப் போயிருப்பீர்கள். உங்கள் சட்டையில் வரும் ரப்பர்பால் வாசனையை வைத்துத்தான் பாட்டா வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம். இந்த வீட்டில் படித்த எல்லாரும் அந்த வாசனையில் படித்தவர்கள். பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறோம்.

(கத்தியைப் பாட்டாவின் கையில் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் வரிசையாக வரட்டும், சின்னவர்கள் முதலில்.)

மெதுவாக வாருங்கள், தள்ள வேண்டாம். பாட்டா எல்லாருக்கும் ஒரு புது நோட்டு வைத்திருக்கிறார், தீராது. தோவாளை அத்தை மாலை போடலாம். மூத்த மருமகன் பொன்னாடை போர்த்தலாம்.

அடுத்து மஸ்கட்டிலிருந்து சின்ன மாமா. லீவு கிடைக்கவில்லை, குரல் அனுப்பியிருக்கிறார். ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம், அடுக்களையில் பாத்திரச் சத்தமும் வேண்டாம்.

(போனில் புளூடூத் இணைந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். ஓடி முடிந்ததும் கைதட்டச் சொல்ல வேண்டாம். பாட்டா தலையாட்டும்வரை காத்திருக்க வேண்டும்.)

பாட்டா, மாமாவிடம் ஏதாவது சொல்கிறீர்களா? மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். சும்மா பேசுங்கள், இதைப் பதிவு செய்து இப்போதே அனுப்பிவிடுகிறேன்.

(அவர் பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மைக்கைப் பாட்டியிடம் நீட்ட வேண்டும்.)

சரி, இலை போட்டாயிற்று. முதல் பந்தி மேல்பக்கப் பந்தலில். பாட்டா, பாட்டி, வயதானவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் முதலில் உட்காருங்கள். இளவட்டங்கள் பரிமாற வாருங்கள். பருப்பும் நெய்யும் பப்படமும் முதலில், அப்புறம் சாம்பார், புளிசேரி. இன்று இரண்டு பாயசம்: அடைப் பிரதமன், அப்புறம் போளியோடு பால் பாயசம். பிரதமனுக்கு மட்டிப்பழம் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் பழத்தை முதலிலேயே தின்றுவிடாதீர்கள். ரசமும் மோரும் கடைசியில் வரும். பாயசம் முடிந்ததும் இலையை மடக்கிவிட வேண்டாம்.

(சாப்பாட்டு நேரத்தில் ஒலியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பேட்டரி ஒரு கோட்டுக்கு வந்தால் திண்ணையில் இருக்கும் பிளக்கில் செருக வேண்டும்.)

இரண்டாம் பந்திக்கு இடம் ஆகிவிட்டது, வாருங்கள். சின்னக் குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று கிணற்றடியில் கிடைத்தது, என்னிடம் இருக்கிறது. அம்மாமார் பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிறவர்கள் வாசலில் வெற்றிலைப் பையோடு ஒரு வருக்கைச் சக்கைக் கன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மரத்துச் சக்கையின் விதைகளைப் பாட்டா தானே கவரில் மண் நிரப்பி முளைக்கவைத்தது. இரண்டடிக் குழி எடுத்து நடுங்கள், தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். எண்ணிப் பார்த்தோம், எல்லாக் குடும்பத்துக்கும் இருக்கிறது. பாறசாலைச் சித்தப்பா, உங்களுக்கு இரண்டு, பாட்டா தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.