அரைப்படி கிரைண்டர்: பிபிடியிலிருந்து செய்திக்குறிப்பு

அண்ணாவுக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய 22 ஸ்லைடு பிபிடியைச் செய்திக்குறிப்பாக மாற்றிவிட்டேன். கீழே இருக்கிறது. அது டீலர் கூட்டத்துக்காகப் போட்டது என்பதால் விலை 19-ஆவது ஸ்லைடில்தான் வருகிறது. நிருபர் அவ்வளவு தூரம் உருட்டிப் பார்க்க மாட்டார். என்ன பொருள், என்ன விலை, என்றைக்கு, எங்கே என்ற நாலையும் முதல் பத்திக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

எதையெல்லாம் விட்டேன், ஏன் விட்டேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

---

செய்திக்குறிப்பு

*2026 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் பிறகு வெளியிட வேண்டுகிறோம்*

கல்லைத் தூக்காமலே மாவை வழிக்கலாம்: சிறு குடும்பத்துக்கென ‘அரைப்படி’ கிரைண்டர்

*கோவை கணபதி பட்டறையின் புதிய தயாரிப்பு, விலை ரூ.4,950, பொங்கலுக்கு முன் மூன்று மாவட்டங்களில் விற்பனை*

கோயம்புத்தூர், ஜனவரி 9: இரண்டு மூன்று பேர் உள்ள வீடுகளுக்காகவே வடிவமைக்கப்பட்ட ‘அரைப்படி’ என்ற சாயும் டேபிள்டாப் கிரைண்டர் இன்று விற்பனைக்கு வருகிறது. வரி உட்பட ரூ.4,950 விலையுள்ள இந்தக் கிரைண்டர், முதல் கட்டமாகக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 62 கடைகளில் கிடைக்கும்.

ஒரு தடவைக்கு 600 கிராம் இட்லி அரிசியும் 150 கிராம் உளுந்தும் அரைக்கலாம். உளுந்தை முதலில் அரைத்து வழித்துவிட்டு அரிசியைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து சுமார் 30 நிமிடம் ஆகும். மூன்று பேருக்கு இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை என்ற கணக்கில் இந்த அளவு முடிவு செய்யப்பட்டது. பழைய அளவையில் இது ஏறக்குறைய அரைப்படி என்பதால் அந்தப் பெயரையே வைத்தோம். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் டிரம்மின் மேல் கிராம் கணக்கையே பொறித்திருக்கிறோம்.

சாதாரண டேபிள்டாப் கிரைண்டரில் அரைத்து முடித்ததும் மாவு ஒட்டிய குழவிக்கற்களை வெளியே எடுத்து, வழித்து, பிறகு டிரம்மைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இந்தக் கட்டம்தான் சிரமம். அரைப்படியில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை இழுத்தால் குழவிகள் அவற்றைத் தாங்கும் கையிலேயே பூட்டிக்கொள்ளும். டிரம் முன்பக்கமாகச் சாயும். கீழே பாத்திரத்தை வைத்தால் மாவு அதில் இறங்கிவிடும். டிரம் சாய்ந்திருக்கும்போது சுவிட்சைப் போட்டாலும் மோட்டார் ஓடாது.

“எங்க அம்மா கடைசி காலத்தில் கிரைண்டரே வேண்டாம் என்று பாக்கெட் மாவுக்குப் போய்விட்டார். அரைப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை, கல்லைத் தூக்குவதுதான் முடியவில்லை. முப்பது வருடமாகக் கிரைண்டர் செய்கிறவன் வீட்டிலேயே பாக்கெட் மாவு என்றால் தப்பு என் கிரைண்டரில்தானே?” என்கிறார் பட்டறையின் நிறுவனர் முருகேசன்.

சாயும் கிரைண்டர் கோவைக்குப் புதிதல்ல. ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பல ஆண்டுகளாக ஓடுகிறது. வீட்டுக்கான மாடல்களும் உண்டு. எங்கள் பட்டறையில் இதுவரை செய்த சாயும் கிரைண்டர்களில் அரைப்படிதான் மிகச் சிறியது. எடை 7.2 கிலோ. மிக்ஸி வைக்கும் இடத்தில் வைக்கலாம்.

“டிரம்மைச் சிறிதாக்குவது சுலபம். கல்லைச் சிறிதாக்கினால்தான் பிரச்சினை. எடை குறைந்தால் குழவி உளுந்தின் மேல் மிதக்க ஆரம்பித்துவிடும், அரைக்காது. அதனால் குழவியின் உயரத்தைக் குறைத்து, அடியை அகலமாக்கினோம். ஏழாவது மாதிரியில்தான் உளுந்து நாங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பொங்கி வந்தது” என்றார் வடிவமைப்புப் பொறியாளர் கவிதா.

விற்பனைக்கு முன் 2025 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கோவையில் 18 வீடுகளில் இந்தக் கிரைண்டர் சோதித்துப் பார்க்கப்பட்டது. சோதனை முடிந்ததும் 17 வீட்டார் அதைத் தாங்களே வைத்துக்கொள்ள விரும்புவதாகத் தெரிவித்தனர். அவர்களில் ஒருவரான சிங்காநல்லூர் இல்லத்தரசி, “முன்னாடியெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அரைத்து ஃபிரிட்ஜில் வைத்து வியாழன் வரைக்கும் ஓட்டுவோம். புளித்த மாவில் ஊத்தப்பம்தான் கதி. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை அரைக்கிறேன்” என்று சொன்னார்.

கிரைண்டரின் மோட்டார் 150 வாட். அரை மணி நேரம் அரைத்தால் 0.075 யூனிட் மின்சாரம் ஆகும். அதாவது ஒரு யூனிட்டில் 13 தடவை அரைக்கலாம்.

முக்கிய விவரங்கள்

பொருள்: ‘அரைப்படி’ சாயும் டேபிள்டாப் வெட் கிரைண்டர்
விலை: ரூ.4,950, எல்லா வரிகளும் உட்பட
விற்பனை: 2026 ஜனவரி 9 முதல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 62 கடைகள்
கொள்ளளவு: 1.5 லிட்டர்
மோட்டார்: 150 வாட், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்
டிரம்: துருப்பிடிக்காத எஃகு, குழவியும் அடிக்கல்லும் கருங்கல்
எடை: 7.2 கிலோ
உத்தரவாதம்: மோட்டாருக்கு 5 ஆண்டு, மற்ற பாகங்களுக்கு 2 ஆண்டு, கல் உடைந்தால் உத்தரவாதம் இல்லை, கட்டணத்துக்கு மாற்றித் தரப்படும்
நிறம்: வெள்ளை, அரக்கு

எங்களைப் பற்றி: கோவை கணபதியில் 1994 முதல் வெட் கிரைண்டர் தயாரித்துவருகிறோம். 34 பேர் பணியாற்றுகிறார்கள். கல் கொத்துவது, மோட்டார் சுற்றுவது, பூட்டுவது மூன்றும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன.

நிருபர்களுக்கு: ஜனவரி 8 வியாழன் காலை 11 மணிக்குப் பட்டறையில் அரைத்துக் காட்டுகிறோம். நெம்புகோலை இழுத்து மாவு இறங்கும் 40 விநாடி வீடியோவும் நான்கு புகைப்படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. மேலும் விவரம் வேண்டுவோர் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதலாம்.

---

இனி நமக்குள், அண்ணா.

தலைப்பு. ஸ்லைடு 1-இல் “சமையலறைப் புரட்சி” என்று இருந்தது. அதை எந்த உதவி ஆசிரியரும் அப்படியே போட மாட்டார். போட்டாலும் என்ன பொருள் என்றே தெரியாது. ஸ்லைடு 8-இல் மூலையில் சின்ன எழுத்தில் “நோ ஸ்டோன் லிஃப்டிங்” என்று இருந்ததே, செய்தி அதுதான். தலைப்பு அங்கிருந்து வந்தது.

“உலகின் முதல்” (ஸ்லைடு 3). எடுத்துவிட்டேன். கோவையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். காந்திபுரத்தில் எந்தப் பாத்திரக் கடையில் ஏறினாலும் சாயும் டேபிள்டாப் இருக்கிறது. “எங்கள் தயாரிப்பில் மிகச் சிறியது” என்பதை யாராலும் மறுக்க முடியாது.

“95% வாடிக்கையாளர் திருப்தி” (ஸ்லைடு 11). 18 வீட்டில் 95 சதவீதம் எப்படி வரும்? 17 வீடு என்றால் 94.4. கணக்குப் போடும் நிருபர் ஒருவர் போதும், மற்ற எண்களையும் சந்தேகப்படுவார். வீட்டு எண்ணிக்கையையே போட்டுவிட்டேன். திருப்பிக் கொடுத்த அந்த ஒரு வீட்டைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். சத்தம் என்று சொன்னார்கள், கிரானைட் மேடையில் அதிர்ந்தது, அதற்குப் பிறகு ரப்பர் கால்களை மாற்றினோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நல்ல பதில்தான் அது.

“40% மின்சேமிப்பு” (ஸ்லைடு 12). எதை விட 40 சதவீதம்? கவிதாவிடம் கேட்டேன். நம் பழைய 250 வாட் மாடலோடு ஒப்பிட்டதாம். அது பெரிய கிரைண்டர், ஒரே தடவையில் இதைப் போல மூன்று மடங்கு அரைக்கும். ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் நமக்கே பாதகமாகப் போகலாம். வாட்டையும் நேரத்தையும் பெருக்கி யூனிட்டாகக் கொடுத்திருக்கிறேன், இல்லத்தரசிகளுக்கு யூனிட்தான் புரியும்.

புவிசார் குறியீடு (ஸ்லைடு 5). கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருப்பது உண்மை. ஆனால் அது இங்கே செய்கிற எல்லாருக்கும் தானாக வந்துவிடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராக நம் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்கிறார் கணக்கர். சான்றிதழ் கைக்கு வரட்டும், அதற்குத் தனியாகவே ஒரு செய்திக்குறிப்பு போடலாம். அதுவரை பெட்டியிலும் அந்த முத்திரை வேண்டாம்.

உங்கள் மேற்கோள் (ஸ்லைடு 2). “நவீன இல்லங்களுக்கு அதிகாரமளிக்கும் தீர்வுகளை வழங்குவதில் பெருமிதம் கொள்கிறோம்.” அண்ணா, நீங்கள் இப்படிப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை டீக்கடையில் அம்மாவைப் பற்றிச் சொன்னதை எழுதி வைத்திருந்தேன், அதைப் போட்டிருக்கிறேன். வீட்டு விஷயம் என்பதால் நீங்கள் சரி என்றால்தான் அனுப்புவேன். அண்ணியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கவிதா தன் மேற்கோளைப் படித்து ஒரு சொல்லை மாற்றினார். “குதிக்க ஆரம்பித்துவிடும்” என்று நான் எழுதியதை “மிதக்க” என்றார், அதுதான் சரியாம். சிங்காநல்லூர் அம்மா பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றபடி சம்மதம்.

ஸ்லைடு 14 முதல் 18 வரை டீலர் மார்ஜின், பொங்கல் ஸ்கீம், இரண்டு லட்சம் விற்பனை இலக்கு. இவை வெளியே போகக் கூடாது. அதனால் நிருபர் யாராவது பிபிடியையே கேட்டாலும் தர வேண்டாம், மேலே உள்ள விவரப் பட்டியல் போதும்.

கல் உடைந்தால் உத்தரவாதம் இல்லை என்பதை நான்தான் சேர்த்தேன். பிபிடியில் “முழு உத்தரவாதம்” என்று இருந்தது, உத்தரவாத அட்டையில் வேறு மாதிரி அச்சாகியிருக்கிறது. அட்டை மாற்றப்போகிறோமா? இல்லையென்றால் குறிப்பும் அட்டையும் ஒன்றாகவே இருக்கட்டும்.

புதன்கிழமை மாலைக்குள் பதில் சொல்லுங்கள். அப்புறம், வியாழன் அரைத்துக் காட்டுவதற்கு உளுந்து புதிதாக வாங்கச் சொல்லுங்கள். போன தடவை பழைய உளுந்தைப் போட்டு, கேமரா முன்னால் பொங்கவே இல்லை.