ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை இந்தப் பக்கத்தில் ஒரு படம் போட்டேன். சாக்கடைக் குழிக்குள் இறங்கி வேலை செய்துவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்த ஒருவரின் படம். அவர் உடம்பெல்லாம் ஒட்டியிருந்த கழிவைக் காட்டி, காசு கொடுத்துச் சேற்றுக் குளியல் போடுகிறவர்களே, எங்கள் தெருவில் இது இலவசம் என்கிற மாதிரி ஒரு ஜோக் எழுதினேன். நான் செய்தது கேவலம். அந்தப் பெரியவரிடமும், அவர் குடும்பத்தாரிடமும், இதே வேலையைச் செய்கிற மற்றவர்களிடமும், அவர்களுடைய பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜோக்கின் வரிகளை அப்படியே திரும்ப எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நான் செய்தவற்றைச் சொல்லாமல் விட்டால் இது பூசி மெழுகுகிற வேலையாகிவிடும்.

படம் எனக்கு எங்கிருந்தோ வந்ததல்ல. நானே எடுத்தது, எங்கள் குடியிருப்பின் முதல் மாடி பால்கனியில் நின்று. அடைத்துக்கொண்டிருந்ததும் எங்கள் கட்டிடத்துக் குழாய்தான். கீழ் வீட்டுக் குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து வர ஆரம்பித்ததும் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு முந்நூறு ரூபாய் வசூல், நானும் கொடுத்தேன். அவர் இரண்டு பேரை அனுப்பினார். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திப் பார்த்தார்கள், அடைப்பு அசையவில்லை. அப்புறம் இருவரில் மூத்தவர் சட்டையைக் கழற்றி, மடித்து, மதில் மேல் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கையுறை கிடையாது. முகமூடி கிடையாது. இடுப்பில் ஒரு கயிறுகூடக் கிடையாது. இருந்த ஒரே கயிறு வாளியில் கட்டியிருந்தது.

மேலே நின்றவர் இழுத்துக் கொட்டிய வாளிகளில் என்னென்ன வந்தன என்று பால்கனியிலிருந்தே நன்றாகத் தெரிந்தது. டயப்பர், நாப்கின், கிழிந்த துணி, உறைந்து கட்டியாகிப் போன சமையல் எண்ணெய். எல்லாம் எங்கள் வீடுகளிலிருந்து போனவை. மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுகிற வழக்கம் என் வீட்டிலும் உண்டு. நான் கையில் டீயோடு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே ஏறும்போது போனை எடுத்தேன். எடுக்கலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. முகத்தை மறைக்கவும் இல்லை.

போட்ட பிறகு கீழே நடந்தது இன்னும் மோசம். ஒருவர் வாசனை எப்படி இருந்தது என்று கேட்டார், நான் ஒரு வெளிநாட்டு சென்ட்டின் பெயரைப் பதிலாக எழுதினேன். இன்னொருவர் சாதியை இழுத்து ஒரு வரி எழுதினார். அதை நான் நீக்கவில்லை, கண்டிக்கவில்லை, ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த பதிலுக்குப் போனேன். யார் குழிக்குள் இறங்க வேண்டும், யார் பால்கனியில் நிற்கலாம் என்று பிறப்பை வைத்துத் தீர்மானிக்கிற ஊரில், நான் போட்ட அந்தப் பொம்மைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஜோக்கைவிட அதுதான் பெரிய குற்றம் என்று நினைக்கிறேன்.

நாலைந்து பேர் அன்றைக்கே இது தப்பு என்று எழுதினார்கள். அவர்களிடம் ஜோக்கை ஜோக்காகப் பாருங்கள் என்றேன். ஒருவரிடம் உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்றும் கேட்டேன். மறுநாள் கூட்டம் அதிகமானதும் பதிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று இரண்டு வரி போட்டேன். அதில் மன்னிப்பு எதுவும் இல்லை, தொட்டாற்சுருங்கிகள் என்று உங்களைச் சொல்லாமல் சொன்னதுதான் இருந்தது. அதையும் திரும்பப் பெறுகிறேன். அன்று என்னிடம் பொறுமையாக எழுதி, பதிலுக்கு ஏச்சு வாங்கியவர்களிடம் தனித்தனியாகவும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அதற்குள் படம் வேறு பக்கங்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டது. படத்தில் இருப்பவரின் மகள் எனக்குச் செய்தி அனுப்பினார். அவர் எழுதியதில் எதை இங்கே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், படிக்கிற கல்லூரி எதுவும் வேண்டாம் என்றார். அவருடைய வகுப்புக் குழுவில் அந்தப் படம் வந்திருக்கிறது. போட்டவருக்கு அது யாருடைய அப்பா என்று தெரியாது. கூடப் படிக்கிறவர்கள் சிரித்துச் சிரித்து எழுதியதை எல்லாம் இவர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதை யாரிடம், எப்போது சொல்வது என்பது அந்தப் பெண் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதை நான் பறித்துவிட்டேன். அதை இனி யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "வராதீங்க சார். தெருவுல எல்லாரும் யாரு, என்னன்னு கேப்பாங்க" என்றார். போகவில்லை. ஏதாவது உதவி என்று நான் ஆரம்பித்தபோதும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்தப் பேச்சை நான் எடுத்திருக்கவே கூடாது. அவர் கேட்டது ஒன்றுதான்: "எங்க சிரிச்சீங்களோ அங்கயே எழுதுங்க." அதனால்தான் இது இதே பக்கத்தில், என் பெயரிலேயே வருகிறது. பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நான் படம் எடுத்தபோது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது சட்டப்படி ஒரு குற்றம். பாதுகாப்புச் சாதனம் எதுவும் கொடுக்காமல் ஒரு மனிதரைச் சாக்கடைக் குழியிலோ கழிவுத் தொட்டியிலோ இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி வேலைக்கு வைப்பவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1993-லிருந்து சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தத் தீர்ப்பு வந்த சமயத்தில் நாளிதழில் படித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் பேசியவன் நான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை. என் வீட்டு வாசலில், நானும் காசு கொடுத்து அது நடந்தபோது நிறுத்துங்கள் என்று சொல்லாமல் கேமராவைத் திறந்தேன். சட்டத்தை மீறியவர்கள் பக்கம் நின்றுகொண்டு, அதில் மாட்டியவரைக் கேலி செய்தேன்.

வாசனை பற்றி நான் அடித்த கிண்டலுக்கு வருகிறேன். தேங்கிய சாக்கடையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு உருவாகும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. சரி, வாடை குறைந்துவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கிற நேரம்தான் ஆள் சாய்கிற நேரமாக இருக்கக்கூடும். இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே மயக்கம். தூக்கப் போகிறவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். கழிவுத் தொட்டிச் சாவுச் செய்திகளில் அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்தே வருவது இதனால்தான். அன்றைக்கு அந்தப் பெரியவர் உயிரோடு மேலே ஏறி வந்தார். அந்த நொடியைத்தான் நான் படமெடுத்துச் சிரித்தேன்.

எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். இனி எங்கள் கட்டிடத்தில் ஆளை இறக்குவதில்லை, இயந்திர வண்டிதான், அதற்கு 14420 என்ற உதவி எண்ணில் கூப்பிட வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதில் பாராட்ட ஒன்றுமில்லை, 2013-லிருந்தே இப்படித்தான் செய்திருக்க வேண்டும். அந்த ஒப்பந்தக்காரரைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா என்று மகளிடம் கேட்டேன். அப்பாவின் வேலைக்குப் பிரச்சினை வரும், இப்போது வேண்டாம் என்றார். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று மறுபடியும் அவர்களைக் கேட்காமல் எதையும் செய்யப் போவதில்லை.

என்னைத் தெரிந்தவர்கள் சிலர், இவர் நல்ல மனுஷன், வாய் தவறிவிட்டது, விடுங்கள் என்று அங்கங்கே எனக்காக வாதாடுகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். வாய் தவறவில்லை. யோசித்து, இரண்டு முறை திருத்தி எழுதிய வரி அது. நகைச்சுவைக்கு இப்போதெல்லாம் சுதந்திரமே இல்லை என்று என் பெயரைச் சொல்லிப் புலம்பவும் வேண்டாம். முன்பு நான் போட்ட ஜோக்குகளையும் இப்போது திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டு வேலைக்கு வருகிறவர்களை, காவலாளிகளை வைத்துச் சிரித்தவை கண்ணில் பட்டன, நீக்கியிருக்கிறேன். இன்னும் பாக்கி இருந்தால் சொல்லுங்கள்.

என்னை மன்னிக்கச் சொல்லி அந்தக் குடும்பத்திடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். யாரும் அவர்களிடம் சமாதானம் பேசப் போக வேண்டாம். கீழே என்னைத் திட்டுகிறவர்களைத் தடுக்க மாட்டேன், பதிலுக்கு வாதம் செய்யவும் மாட்டேன். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு என்று துப்புக் கொடுக்கிற வரிகளை மட்டும் பார்த்த உடனே எடுத்துவிடுவேன்.

படத்தைப் பகிர்ந்திருந்த மூன்று பெரிய பக்கங்களுக்கு எழுதினேன். இரண்டு பக்கங்கள் எடுத்துவிட்டன, ஒன்றிலிருந்து இன்னும் பதில் இல்லை, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் போனில் அந்தப் படமோ ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தால் அழித்துவிடுங்கள். என்னைக் கண்டிக்கிறதற்காகக்கூட அதை மறுபடி போட வேண்டாம், போட்டால் முகம் தெரிவது அவருடையது. ஏதாவது குழுவில் பார்த்தால் அங்கே சண்டை போடாமல் குழுவின் பெயரை மட்டும் எனக்கு அனுப்புங்கள். எடுக்கச் சொல்லி நானே அவர்களிடம் பேசுகிறேன்.