10-ஆம் தேதி போட்ட சான்றிதழ் கேட்டது பற்றி

திருநகர், மதுரை
20.11.2025

தம்பி செல்வத்துக்கு,

நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய மூன்று குரல் செய்திகளையும் கேட்டேன். ஒப்பந்த காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது ஐந்து நாள் 'தகவல் இல்லாத விடுப்பு' என்று பதிவானால் நிரந்தரம் ஆகாதோ என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயமானது. நீங்கள் நிஜமாகவே படுத்த படுக்கையாகக் கிடந்தீர்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் 10-ஆம் தேதி உங்களைப் பார்த்ததாக நான் எழுதித் தர முடியாது. அதற்குப் பதில் என்ன தர முடியும் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன், முழுக்கப் படியுங்கள்.

நீங்கள் என்னிடம் முதலில் வந்தது 15-ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம். 10 முதல் 14 வரை உசிலம்பட்டிப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தீர்கள். அந்த ஐந்து நாளும் உங்கள் நாடியையோ காய்ச்சலையோ நான் பார்க்கவில்லை. மருத்துவச் சான்றிதழ் என்பது 'நான் பரிசோதித்தேன், இப்படி இருந்தது' என்று மருத்துவர் சொல்கிற சாட்சி. பார்க்காத நாளுக்குச் சாட்சி சொல்ல வழியில்லை.

'15-ஆம் தேதி முதல் ஓய்வு என்று இன்றைக்கு எழுதித் தருகிறீர்கள், அதை 10 என்று போட்டால் என்ன?' என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்விதான், பலருக்கும் இதில் குழப்பம் உண்டு. சான்றிதழில் மூன்று தேதிகள் வரும்: எழுதிக் கொடுத்த தேதி, பரிசோதித்த தேதி, ஓய்வுக் காலம். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும். 15-ஆம் தேதி பார்த்தேன், ஓய்வு எடுக்கச் சொல்லி அன்றைக்கே உங்கள் சீட்டில் எழுதினேன். அதனால் இன்றைய தேதியிட்டு 'ஓய்வு 15 முதல்' என்று தருவதில் தப்பில்லை. 10-ஆம் தேதிக்கு அப்படி ஒரு வரி என் கையில் இல்லை.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள்படி, கொடுக்கிற ஒவ்வொரு சான்றிதழையும் நாங்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நோயாளியின் கையெழுத்து, முகவரி, ஓர் அங்க அடையாளம் மூன்றும் அதில் இருக்க வேண்டும், நகலும் வைத்துக்கொள்ள வேண்டும். என் பதிவேட்டில் எண்கள் வரிசையாக ஓடுகின்றன. 8-ஆம் தேதி கொடுத்ததற்கும் 11-ஆம் தேதி கொடுத்ததற்கும் நடுவில் ஓர் எண் கூடக் காலி இல்லை. நுழைக்க வேண்டுமென்றால் அடித்துத் திருத்த வேண்டும். அதே விதிகள்படி, பொய்யான அல்லது தவறாக நினைக்க வைக்கிற சான்றிதழில் கையெழுத்துப் போட்ட மருத்துவரின் பெயரைப் பதிவிலிருந்தே நீக்கலாம்.

என்னை விடுங்கள், உங்களுக்கு வரும் ஆபத்துதான் பெரிது. ரத்தப் பரிசோதனைத் தாளில் மாதிரி எடுத்த தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறது: 15-ஆம் தேதி, மாலை 6.40. என் ஓ.பி. சீட்டிலும் முதல் வருகை 15 என்றே இருக்கிறது. 10 என்று சொல்லும் சான்றிதழோடு இவற்றைச் சேர்த்து வைத்தால் யாரும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது பல கம்பெனிகளில் எச்.ஆர். பிரிவிலிருந்து சான்றிதழில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கிறார்கள். உங்கள் அனுமதி இல்லாமல் நோய் விவரத்தை நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'இது நீங்கள் கொடுத்ததா, எந்தத் தேதியில்?' என்றால் உள்ளதைத்தான் சொல்ல முடியும். ஐந்து நாள் விடுப்பு சம்பளப் பிடித்தத்தோடு போகக்கூடிய விஷயம். பொய்த் தாள் கொடுத்தார் என்றால் அது வேலையையே தொடும். கப்பலூரில் யாரோ 200 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொன்னாராமே, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி, நான் செய்து வைத்திருப்பது. இன்றைய தேதியில் சான்றிதழ் தயார். அது ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் அதன் சாரம் இது:

'15.11.2025 அன்று இவரை முதன்முறை பரிசோதித்தேன். 10.11.2025 முதல் காய்ச்சல், உடல்வலி இருந்ததாக அவர் தெரிவித்தார். பரிசோதனையில் டெங்கு ஐ.ஜி.எம். பாசிட்டிவ், தட்டணுக்கள் 84,000. இரு கால்களிலும் நோய் தணியும்போது வரும் தடிப்பு. இவை சில நாட்களுக்கு முன்பே தொடங்கிய காய்ச்சலோடு பொருந்துகின்றன. 15 முதல் 20 வரை ஓய்வு அவசியமாக இருந்தது. 21.11.2025 முதல் பணிக்குத் திரும்பத் தகுதியானவர்.'

மூன்றாவது, நான்காவது வரிகள்தான் உங்களுக்கு உயிர். டெங்குவில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் முதல் நாளே வராது, பொதுவாகக் காய்ச்சல் தொடங்கி நான்கைந்து நாள் கழித்துத்தான் தெரியும். உங்கள் காலில் இருந்த தடிப்பும், சிவந்த தோலுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தீவு போல விட்டிருந்ததே, அது காய்ச்சல் இறங்கும் கட்டத்தில் வருவது. நேற்றுப் பிடித்த காய்ச்சல் இல்லை என்பதை உங்கள் ரத்தமும் தோலுமே சொல்கின்றன. 10 என்ற தேதியை மட்டும் 'அவர் தெரிவித்தார்' என்று எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டெங்கு என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்றால் சொல்லுங்கள். 'வைரஸ் காய்ச்சல்' என்று மாற்றி, பரிசோதனை விவரத்தை எடுத்துவிடலாம். ஆனால் விவரம் இருந்தால்தான் தாளுக்குப் பலம்.

விட்டுப்போன ஐந்து நாளுக்கு வேறு இடத்தில் ஆதாரம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை 11-ஆம் தேதி ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கியதாகச் சொன்னீர்கள். அந்தச் சீட்டைத் தேடுங்கள், அம்மா வீட்டில் மாத்திரைக் கவருக்குள்ளேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஆதாரோடு நேரில் போய், 11-ஆம் தேதி புறநோயாளிப் பதிவில் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்த மருத்துவர் அந்த நாளுக்கு எழுதித் தரலாம், அது முன்தேதி ஆகாது. அடுத்து, 10-ஆம் தேதி காலையில் சூப்பர்வைசருக்கு 'காய்ச்சல், வர முடியல' என்று வாட்ஸ்அப் போட்டீர்களே, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'தகவல் இல்லாத' என்ற சொல்லே அதோடு விழுந்துவிடும். மருந்துக் கடை பில் இருந்தால் அதுவும்.

சம்பள ரசீதில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இந்தத் தாள்களை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிக் கேளுங்கள். சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால் நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை கிடைக்க வழி உண்டு.

கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். '10 முதல் காய்ச்சல். 11 அன்று ஊர் சுகாதார நிலையம். குறையாததால் 15 அன்று மதுரையில் பரிசோதனை. டெங்கு என்று தெரிந்தது. 21 முதல் வருகிறேன்' என்று நான்கைந்து வரி போதும்.

சான்றிதழில் உங்கள் கையெழுத்தும் அங்க அடையாளமும் பதிய வேண்டியிருப்பதால் நீங்களே வர வேண்டும். உங்கள் தம்பியிடம் கொடுத்து அனுப்ப முடியாது. இன்றைக்குச் சாயங்காலம் 5.30-க்கு மேல் வாருங்கள், வரிசையில் நிற்க வேண்டாம், கவுன்ட்டரில் பெயரைச் சொன்னால் போதும். பணம் எதுவும் வேண்டாம். நேற்றைய எண்ணிக்கையில் தட்டணுக்கள் 1,84,000-க்கு ஏறிவிட்டன. வேலைக்குப் போனாலும் ஒரு வாரம் பாரம் தூக்கும் பக்கம் போடாமல் இருக்கச் சொல்லி அதையும் சான்றிதழிலேயே எழுதியிருக்கிறேன். உடம்பு வலித்தால் பாராசிட்டமால் மட்டும். கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்காதீர்கள்.

அன்புடன்,
மரு. கமலா