நோட்டுகளுக்கும் பேனாக்களுக்கும் 20% தள்ளுபடி: குறியீடு NOTTU20, ஜூன் 14 இரவு வரை

கூப்பன் குறியீடு இதுதான்:

```
NOTTU20
```

கடைசி இரண்டும் எண்கள்: இரண்டு, சைபர். பெரிய எழுத்தில் அடித்தாலும் சின்ன எழுத்தில் அடித்தாலும் வேலை செய்யும். நடுவில் இடைவெளி மட்டும் விடாதீர்கள்.

📅 2026 ஜூன் 6, சனிக்கிழமை காலை 6 மணி முதல் ஜூன் 14, ஞாயிறு இரவு 11.59 வரை, இந்திய நேரப்படி. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அது திங்கள் அதிகாலை 2.29. அந்த நேரத்துக்குள் ஆர்டர் உறுதியாகியிருந்தால் போதும், பார்சல் எப்போது வந்து சேர்ந்தாலும் தள்ளுபடி உண்டு. ஆனால் கார்ட்டில் போட்டு வைத்திருப்பது மட்டும் கணக்கில் வராது. தேதியை நீட்டிக்க மாட்டோம். "கடைசி நாள்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதையே சொன்னால், அவசரப்பட்டு வாங்கியவர்களை ஏமாற்றியதாகிவிடும்.

🛒 குறைந்தது இரண்டு பொருள்கள் வாங்க வேண்டும். ஒரே நோட்டு இரண்டு வாங்கினாலும் சரி, ஒரு நோட்டும் ஒரு பேனாவும் என்றாலும் சரி. ஐந்து பேனா உள்ள ஒரு பாக்கெட் ஒரு பொருளாகத்தான் எண்ணப்படும், இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. தள்ளுபடிக்கு உச்ச வரம்பும் இல்லை. பத்து நோட்டு எடுத்தாலும் பத்துக்கும் முழு 20% கழியும்.

எதற்கெல்லாம் செல்லாது? கிஃப்ட் கார்டுகளுக்கும், பெயர் பொறித்துத் தரும் நோட்டுகளுக்கும். பெயர் பொறிக்கும் வேலையை வெளியில் கொடுத்துச் செய்கிறோம், ஒவ்வொன்றுக்கும் தனிக்கூலி, அதில் குறைக்க எங்களால் முடியவில்லை. இந்தப் பொருள்களின் விலைக்குப் பக்கத்திலேயே "கூப்பன் செல்லாது" என்று எழுதியிருக்கிறோம். 'குறைந்தது இரண்டு' என்ற கணக்கிலும் இவை சேராது. மற்ற எல்லாவற்றுக்கும் செல்லும், புதிதாக வந்த கோடில்லாத நோட்டுகள் உட்பட.

ஏற்கெனவே 10% குறைத்து வைத்திருக்கும் பொருள்களுக்கும் குறியீடு உண்டு. ஆனால் மொத்தத் தள்ளுபடி 30% ஆகாது, 28%தான். முதலில் 10% போய், மீதி 90இல் 20% கழிகிறது, அது 18. போன முறை நிறையப் பேர் கேட்ட கேள்வி என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

தளத்தில் காட்டும் விலை வரி சேர்ந்த விலை. அதிலிருந்தே 20% குறையும், பில்லில் மறுபடி வரி ஏறாது. டெலிவரி கட்டணத்துக்குத் தள்ளுபடி இல்லை. வழக்கமாக எவ்வளவோ அவ்வளவே, பின்கோடு அடித்ததும் தெரிந்துவிடும். இந்தக் கூப்பனுக்காக எந்தப் பொருளின் விலையையும் ஏற்றவில்லை. மே மாதம் இருந்த விலையேதான் இருக்கிறது.

ஒரு மொபைல் எண்ணுக்கு ஒரு முறை. ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனி எண்ணில் வாங்கலாம், அதைத் தடுக்க மாட்டோம். பழைய வாடிக்கையாளர், புதியவர் என்ற பேதம் கிடையாது. வேறு கூப்பனோடு சேர்த்துப் போட முடியாது. யுபிஐ, கார்டு, கேஷ் ஆன் டெலிவரி எல்லாவற்றிலும் செல்லும்.

பணம் கட்டும்போது பாதியில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், குறியீடு வீணாகாது. அதே எண்ணில் மறுபடி போடலாம். நீங்கள் ஆர்டர் செய்த பொருள் எங்களிடம் தீர்ந்துபோய் நாங்களே ரத்து செய்தால், முழுப் பணமும் திரும்பி வரும், அதோடு இதே 20%க்குப் புதுக் குறியீடும் அனுப்புவோம், ஜூன் 14 தாண்டியிருந்தாலும்.

வழக்கம்போல 7 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். அந்தப் பொருளுக்கு நீங்கள் உண்மையில் கட்டிய தொகை திரும்பக் கிடைக்கும். இரண்டில் ஒன்றைத் திருப்பிவிட்டீர்கள் என்பதற்காக, வைத்துக்கொண்ட நோட்டின் தள்ளுபடியைப் பிடித்துக்கொள்ள மாட்டோம்.

👉 போடும் இடம்: கார்ட் பக்கத்தில், மொத்தத் தொகைக்குக் கீழே "கூப்பன்" கட்டம். NOTTU20 அடித்து "சேர்" பொத்தானை அழுத்துங்கள். பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும் முன்பே தொகை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கேயே மெசேஜ் அனுப்புங்கள். தினமும் காலை 9 முதல் இரவு 9 வரை பதில் சொல்ல ஆள் இருக்கிறோம். கடைசி நாளான ஞாயிறு மட்டும் நள்ளிரவு 12 வரை இருப்போம்.